ஏப்ரலில் புதிய வரி முறை, அக்டோபரில் பழையது: பேரோலில் மாற்றிய அனுபவம்

"நடுவருடத்தில் ரெஜிம் மாற்றலாமா?" என்று நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். மாற்றலாம், ஆனால் உங்கள் நிறுவனம் ஒத்துக்கொண்டால் மட்டும். 2023 ஏப்ரல் 5 தேதியிட்ட நேரடி வரிகள் வாரியத்தின் 4/2023 சுற்றறிக்கைப்படி, நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஊழியரிடம் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பதில் சொல்லாதவருக்குப் புதிய முறைப்படி டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இடையில் மாற்றித் தர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதனால் சில நிறுவனங்கள் மாதந்தோறும் மாற்ற விடுகின்றன, சில ஏப்ரலோடு பூட்டிவிடுகின்றன.

மாற்றும் வசதி இருப்பது நல்ல விஷயம்தான். எரிச்சல் ஒன்றே ஒன்று: போர்ட்டலில் ரெஜிமை மாற்றினால் கழிவுகள் தானாக வந்து சேராது. புதிய முறையில் இருக்கும்போது பல போர்ட்டல்கள் 80சி, 80டி, வாடகை விவரம் எதையும் கேட்பதில்லை. எல்லாம் பூஜ்யம். அந்த நிலையில் 'பழையது' என்று மட்டும் மாற்றி அனுப்பினால் என்ன ஆகும் என்று 2025–26 கணக்கில் பாருங்கள்.

சென்னையில் வேலை, ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், மாத பேசிக் 75,000, எச்.ஆர்.ஏ. 37,500, வாடகை 40,000. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து வரி 1,50,800. மாதம் சுமார் 12,567 வீதம் செப்டம்பர் வரை 75,400 பிடித்தாயிற்று. அக்டோபரில் கழிவு எதுவும் நிரப்பாமல் பழைய முறைக்குப் போனால் ஆண்டு வரி 3,51,000 ஆகிவிடும். மிச்ச ஆறு மாதமும் மாதம் 45,933 பிடிப்பார்கள். சம்பளம் வந்த பிறகு பதறிப் பயனில்லை. திருத்தம் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் ஏறும்.

கழிவுகளைச் சரியாக நிரப்பினால்? வாடகை ஆண்டுக்கு 4,80,000. அதில் பேசிக்கின் பத்து சதவீதமான 90,000 போக எச்.ஆர்.ஏ. விலக்கு 3,90,000. 80சி 1,50,000, சொந்த என்.பி.எஸ். 50,000, குடும்பத்துக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. நிலையான கழிவு இங்கே 50,000தான். வரி 1,43,520. இவ்வளவு சேர்த்தும் மிச்சம் வெறும் 7,280 ரூபாய்! இந்தச் சம்பளத்துக்கு நிலையான கழிவு தவிர சுமார் 6.42 லட்சம் கழிவு இருந்தால்தான் இரண்டு முறையும் சமமாகும். இங்கே இருப்பது 6.65 லட்சம். ஒரே ஒரு ரசீது போனாலும் கணக்கு தலைகீழாகும்.

போகவும் செய்யும். பெற்றோரின் பிரீமியம் 50,000-க்கான ரசீது தெளிவாக இல்லை என்று பிப்ரவரியில் பேரோல் நிராகரித்தால் வரி 1,59,120. கூடுதல் 15,600-ஐ பிப்ரவரி, மார்ச் இரண்டே மாதத்தில் பிடிப்பார்கள். மாதத்துக்கு 7,800 அதிகம். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்கு 80டி கிடையாது என்பதால், வங்கி வழியாகக் கட்டியதற்கான அத்தாட்சியையும் சேர்த்தே கொடுங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். அதை மார்ச்சில் கேட்டு வாங்க நினைக்காதீர்கள், மாற்றச் சொல்லும் நாளிலேயே கையில் இருக்கட்டும்.

நிறுவனம் உங்கள் பேரில் என்.பி.எஸ். கட்டுகிறதா என்றும் பாருங்கள். தனியார் ஊழியருக்குப் புதிய முறையில் பேசிக்கில் 14 சதவீதம் வரை கழிவு, பழையதில் 10 வரைதான். 18 லட்சத்துக்கு மேலாகத் தனியாக 14 சதவீதம் கட்டும் இடத்தில் இந்தச் சம்பளக்காரர் 36,000 கழிவை இழப்பார். மேலே சொன்ன 7,280 லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

பேரோலுக்கு எழுதும் மின்னஞ்சலில் எந்த மாதச் சம்பளத்திலிருந்து மாற்றம் வேண்டும், ஒவ்வொரு கழிவுக்கும் ஆண்டு மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். சம்பளம் போடுவதற்கு முன்பே திருத்திய வரிக்கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எச்.ஆர்.ஏ. விலக்கு பூஜ்யமாக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

வசதியைப் பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம்: வித்தியாசம் பத்தாயிரத்துக்குள் என்றால் பேரோலைத் தொடவே வேண்டாம். அங்கே சொல்வது டிடிஎஸ்ஸுக்கு மட்டும்தான் செல்லும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் வருமான வரிப் படிவத்தில் நேரடியாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, பேரோல் ஏற்காத 80டி-யையும் அங்கே கோரலாம். அதிகம் பிடித்த வரி திரும்ப வரும். நிபந்தனை ஒன்று: கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் புதிய முறை மட்டும்தான்.