சொட்டும் மிக்ஸர் குழாய்: பழைய கார்ட்ரிட்ஜைக் கழுவிப் போடலாமா, புதிது வாங்கலாமா?

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாய் சொட்ட ஆரம்பித்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளே நீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி போடலாம். அளவு பார்த்து ஏதாவது பொதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். அந்தக் குழாயைச் செய்த நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜையே தேடி வாங்கலாம். எங்கள் சமையலறைக் குழாயில் இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கும்படி ஆனதால், எது எப்போது பொருந்தும் என்று நேரில் தெரிந்துகொண்டேன்.

முதலில் சொட்டும் இடத்தைப் பாருங்கள். குழாயின் வாயிலிருந்து சொட்டினால்தான் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் கோளாறு. திரும்பும் மூக்கின் அடிப்பகுதியில் கசிந்தால் அது மூக்கின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் கோளாறு. கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது. உயரமாக வளைந்த மூக்கில், மூடிய பிறகு உள்ளே தங்கிய நீர் சிறிது நேரம் வடியும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எங்கள் குழாய்க்குக் கீழே ஒரு டம்ளரை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 150 மில்லி, அதாவது ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். சிங்குக்குக் கீழே சூடான பக்க ஆங்கிள் வால்வை மூடினேன், சொட்டு நிற்கவில்லை. அதைத் திறந்துவிட்டுக் குளிர் பக்கத்தை மூடினேன், நின்றுவிட்டது. ஆக, கசிவு குளிர் நீர்ப் பக்கம்.

கைப்பிடியை அழுத்தி மூடினால் நிற்குமா என்று பலரும் முயல்கிறோம், நானும் செய்தேன். பழைய திருகு குழாயில் ரப்பர் வாஷர் அழுந்தித்தான் நீர் நிற்கும், அதனால் அங்கே இறுக்கினால் பலன் உண்டு. இதில் அப்படியில்லை. கார்ட்ரிட்ஜுக்குள் வழவழப்பாகத் தேய்த்த இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. துளைகள் நேருக்கு நேர் வந்தால் நீர் வரும், விலகினால் நிற்கும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கிக் கோடு கிழித்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கோட்டின் வழியே நீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, கழற்றும் வேலை மூன்று வழிக்கும் ஒன்றுதான். இரண்டு ஆங்கிள் வால்வையும் மூடி, கைப்பிடியைத் தூக்கி மிச்ச நீரை வடியவிடுங்கள். சிங்கின் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள், சின்ன ஸ்க்ரூ விழுந்தால் வேலை இரட்டிப்பாகும். கைப்பிடியில் இருக்கும் சிவப்பு–நீல மூடியை நெம்பினால் உள்ளே ஆலன் ஸ்க்ரூ தெரியும். அதைத் தளர்த்திக் கைப்பிடியை எடுத்து, குமிழ் போன்ற மூடியைத் திருகி எடுத்தால், கார்ட்ரிட்ஜை அமுக்கிப் பிடித்திருக்கும் நட் தெரியும், அதையும் கழற்றினால் கார்ட்ரிட்ஜை எடுக்கலாம்.

முதலில் சுத்தம் செய்துதான் பார்த்தேன். அடிப்பகுதி ரப்பர் சீலில் உப்புப் படிவம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. சீல்களைத் தனியே எடுத்து வைத்து, கார்ட்ரிட்ஜை வினிகரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, சீல்களில் குடிநீர்க் குழாய்க்கான சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிப் போட்டேன். வாஸலின் தடவக் கூடாது, பல வகை ரப்பர் அதில் ஊதிவிடும். சொட்டு நின்றது. ஐந்து வாரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.

இரண்டாம் முறை கழற்றியபோதுதான் அடி மூடியின் கொக்கிகளை நெம்பி வில்லைகளை வெளியே எடுத்தேன். நனைத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேல் வில்லையைத் தூக்கினேன். நல்ல ஜோடியாக இருந்தால் கீழ் வில்லையும் ஒட்டிக்கொண்டே வரும். இது வரவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு முடியளவு மெல்லிய கோடு தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும், வேண்டாம். அந்தச் சமதளம் வீட்டில் தேய்த்து வருவதில்லை. என் கணக்கு இதுதான்: உப்போ தூசியோ காரணமாக இருந்து வில்லையில் கோடு இல்லையென்றால் சுத்தம் செய்வது போதும். கோடு தெரிந்த பிறகு அது வீண் வேலை.

அடுத்து பொதுக் கார்ட்ரிட்ஜ். இவற்றில் பெரும்பாலும் 35, 40 மில்லிமீட்டர் விட்டம்தான் கிடைக்கும், மெல்லிய குழாய்களுக்கு 25-ம் உண்டு. என்னுடையது 35. விற்றவர், “முப்பத்தஞ்சு எல்லாம் ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்” என்றார். நானும் பழையதைக் கையில் கொண்டுபோகாமல் நம்பி வாங்கிவந்துவிட்டேன். என் பழையது தட்டையான அடி கொண்டது. புதியதன் அடியிலோ ரப்பர் சீல்களுக்குக் கீழே சின்னக் கால்கள் போல உயரம் இருந்தது. உடலுக்குள் அது சில மில்லிமீட்டர் தூக்கியே உட்கார்ந்ததால், நட் இரண்டு சுற்றுக்கு மேல் மரையில் இறங்கவில்லை. அப்படியே இறுக்கித் திறந்து பார்த்தேன், கைப்பிடிக்குக் கீழிருந்து நீர் கசிந்து மேடையில் ஓடியது.

ஆகவே, பொதுக் கார்ட்ரிட்ஜ் மோசம் என்று சொல்ல வரவில்லை, விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கியதுதான் என் தவறு. பழையதைக் கூடவே கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடி தட்டையா, உயர்ந்ததா? அடியில் நிற்கும் இரண்டு முளைகள் அதே இடத்தில் இருக்கின்றனவா? மொத்த உயரம் ஒன்றா? கைப்பிடி மாட்டும் சதுரத் தண்டின் பருமனும் நீளமும் ஒன்றா? தண்டு குட்டையாக இருந்தால் கைப்பிடி குமிழ் மூடியில் உரசும். இவ்வளவும் ஒத்துப்போனால் பொதுக் கார்ட்ரிட்ஜை யோசிக்காமல் வாங்கலாம். குழாயைச் செய்தவரே தெரியாத நிலையில் இது ஒன்றுதான் வழியும்கூட.

கடைசியில் நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜையே வரவழைத்தேன். விலை கூடுதல், வந்துசேரக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அளவெடுக்கும் தலைவலி இல்லை, முளைகள் குழிகளில் ‘டக்’ என்று உட்கார்ந்தன. மாடல் தெரிந்த, உடல் நன்றாக இருக்கிற குழாய்க்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கார்ட்ரிட்ஜ் உட்காரும் பித்தளைப் பரப்பு அரித்துக் குழிவிழுந்திருந்தால் எந்தக் கார்ட்ரிட்ஜும் அடைக்காது, அப்போது குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

எந்தக் கார்ட்ரிட்ஜ் ஆனாலும் அதை உள்ளே வைக்கும் முன் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழாயின் திறந்த உடல் மேல் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஆங்கிள் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் திறந்து மூடச் சொல்லுங்கள். எங்கள் கப்பில் பொடி மணல் வந்தது. பழைய வில்லையைக் கிழித்தது அந்த மணலாகத்தான் இருக்க வேண்டும். கழுவாமல் போட்டிருந்தால் புதியதையும் முதல் திறப்பிலேயே கிழித்திருக்கும்.

அப்புறம் நட்டைக் கையால் முழுக்கத் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் கைப்பிடி கனமாக நகரும், குறைந்தால் கைப்பிடிக்குக் கீழே ஈரம் தெரியும். மூக்கு நுனியின் சல்லடையைக் கழற்றி வைத்துவிட்டு நீரைத் திறந்து ஓடவிட்டு, பிறகு மாட்டுங்கள். இரவு சிங்கைத் துடைத்து, குழாய்க்கு நேர் கீழே ஒரு டிஷ்யூ காகிதத்தை விரித்துவிட்டுப் போனேன். காலையில் அது காய்ந்தே இருந்தது.