அரபி வாக்கியத்தில் ‘ஹுவ’ போடலாமா, விடலாமா? போட்டால் அதற்கு என்ன வேலை?

‘இந்தப் புத்தகம்’ என்பதற்கும் ‘இது புத்தகம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் ‘இந்த’, ‘இது’ என்ற இரண்டு சொற்களிலேயே முடித்துவிடுகிறது. அரபியில் இரண்டுக்கும் ‘ஹாதா’தான். ‘ஹாதா கிதாபுன்’ என்றால் இது ஒரு புத்தகம். அதில் குறிப்பிட்ட பொருள் என்று காட்டும் ‘அல்’ சேர்த்து ‘ஹாதா அல்-கிதாபு’ என்றதும், கேட்பவர் ‘இந்தப் புத்தகம்...’ என்று எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன ஆயிற்று என்று காத்திருப்பார். ‘இதுதான் அந்தப் புத்தகம்’ என்று வாக்கியத்தை அங்கேயே முடிக்க நினைத்தவர், நடுவில் ஒரு ‘ஹுவ’ வைப்பார்: ‘ஹாதா ஹுவ அல்-கிதாபு’. (சேர்த்து ஓதும்போது ‘ஹுவல் கிதாப்’ என்றாகும். இங்கே தெளிவுக்காகப் பிரித்தே எழுதுகிறேன்.)

இந்த ‘ஹுவ’ புதிய சொல் அல்ல. ஹுவ, ஹிய, ஹும், அன்த, அனா, நஹ்னு என்று தனித்து நிற்கும் எழுவாய் வடிவப் பிரதிப்பெயர்கள் பன்னிரண்டில் ஒன்று. வழக்கமாக இவை எழுவாயாக நிற்கும். ‘ஹுவ தபீபுன்’ என்றால் அவர் மருத்துவர். ஆனால் மேலே கண்ட இடத்தில் எழுவாய் ஏற்கெனவே இருக்கிறது, பயனிலையும் இருக்கிறது. அப்படியானால் நடுவில் வந்த ‘ஹுவ’ யார்? ஈராக்கின் பஸ்ரா நகர இலக்கணிகள் அதற்கு ‘ஃபஸ்ல்’, அதாவது பிரிப்பான் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வருவது அடைமொழி அல்ல, பயனிலை என்று பிரித்துக் காட்டுகிறது என்பது காரணம். அங்குள்ள கூஃபா நகர இலக்கணிகள் ‘இமாத்’ என்றார்கள். முட்டுக்கொடுக்கும் தூண் என்று பொருள். எனக்குப் பஸ்ராக்காரர்கள் வைத்த பெயரே பிடிக்கும். வேலையைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

முதலில், போடுவதா விடுவதா என்ற போட்டி. இதற்கு அருமையான சான்று குர்ஆனிலேயே, ஒரே வசனத்தில் இருக்கிறது. 57:24இல் நம் ஊரில் ஓதப்படும் ஹஃப்ஸ் ஓதலில் ‘ஃபஇன்னல்லாஹ ஹுவ அல்-கனிய்யு அல்-ஹமீது’ என்று வரும். ஓதல் ஆசிரியர்களான நாஃபிஉ, இப்னு ஆமிர் ஆகியோரின் ஓதலில் அந்த ‘ஹுவ’ கிடையாது. மதீனாவுக்கும் சிரியாப் பகுதியான ஷாமுக்கும் அனுப்பப்பட்ட பழைய பிரதிகளிலும் அது இல்லை என்பது மரபு. மொராக்கோவில் அச்சாகும், நாஃபிஉ வழிவந்த வர்ஷ் பிரதியில் இன்றும் இல்லை. இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல்கள், இரண்டும் சரியான அரபி. ‘ஹுவ’ இல்லாதபோது ‘அல்லாஹ் தேவைகள் ஏதும் இல்லாதவன், புகழுக்குரியவன்’. இருக்கும்போது ‘அல்லாஹ்தான்’ என்ற அழுத்தம் ஏறுகிறது. தமிழின் ‘தான்’ ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதால், மொழிபெயர்க்கும்போது நமக்குத் திண்டாட்டம் குறைவு.

ஆக, இங்கே ‘ஹுவ’ குழப்பத்தைத் தீர்க்க வரவில்லை. ‘இன்ன’ என்ற அழுத்தச் சொல்லுக்குப் பின் ‘அல்லாஹ’ நஸ்பில், அதாவது ‘அ’வில் முடியும் வடிவத்தில் நிற்கிறது, ‘அல்-கனிய்யு’ ரஃபில், அதாவது எழுவாய்க்குரிய ‘உ’வில் முடியும் வடிவத்தில் நிற்கிறது; இறுதி உயிர் வேறுபடுவதால் அதை அடைமொழியாக யாரும் படிக்க முடியாது. ‘ஹாதா அல்-கிதாபு’ போன்ற இடத்தில் ‘ஹுவ’வை விட்டால் பொருளே மாறும். இங்கே விட்டால் அழுத்தம் மட்டும் போகும்.

இரண்டாவது போட்டி சுவையானது. ‘ஹுவ’வைப் போட்டாயிற்று. அது வெறும் பிரிப்பானா, அல்லது தானே புதிய எழுவாயாகி, பின்னால் வருவதோடு சேர்ந்து ஒரு குட்டி வாக்கியம் ஆகிவிட்டதா? ‘ஸைதுன் ஹுவ அல்-முதீரு’, அதாவது ஸைதுதான் மேலாளர், என்று மட்டும் இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. எப்படிப் பிரித்தாலும் ‘முதீரு’தான். முன்னால் ஒரு ‘கான’ (இருந்தார்) வந்ததும் வேடம் கலையும். ‘கான’ தன் பயனிலையை நஸ்பாக்கும். ‘ஹுவ’ வெறும் பிரிப்பான் என்றால் ‘கான’வின் கை அதைத் தாண்டிப் போய் ‘அல்-முதீர’ என்று ஆக்கும். ‘ஹுவ’ எழுவாய் என்றால் அந்தக் குட்டி வாக்கியத்துக்குள் கை நுழையாது. ‘அல்-முதீரு’ என்றே நிற்கும்.

உயிர்க்குறி இல்லாமல் எழுதும் அரபியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ‘ஊன’ என்று முடியும் பன்மை போன்ற இடங்களில்தான் எழுத்தே மாறும். மாலை வகுப்பில் ஒரு மாணவர் ‘ஆசிரியர்களே பொறுப்பாளர்களாக இருந்தார்கள்’ என்பதைப் பலகையில் ‘கான அல்-முஅல்லிமூன ஹும் அல்-மஸ்ஊலூன’ என்று எழுதினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் ‘லூன’வை அழித்து ‘லீன’ ஆக்கினார். முதலாமவர் கேட்டார்: “உஸ்தாத், ‘ஹும்’ ரஃபு, அதுக்குப் பயனிலையும் ரஃபுதானே?” இரண்டாமவர் சொன்னார்: “‘கான’ இருக்கே, அதை எங்கே விட்டீங்க?” இருவர் கேட்டதும் நியாயம். முதலாமவர் ‘ஹும்’மை எழுவாயாக்கினார், இரண்டாமவர் பிரிப்பானாக்கினார்.

குர்ஆன் 43:76இல் இதே அமைப்பு: ‘கானூ ஹும் அல்-ளாலிமீன’, அவர்களே அநியாயக்காரர்களாக இருந்தார்கள். பிரபலமான பத்து ஓதல்களிலும் ‘மீன’தான். ஆனால் ‘அல்-ளாலிமூன’ என்ற ஓதலும் நபித்தோழர் இப்னு மஸ்ஊதின் பெயரில் பதிவாகியிருக்கிறது. பஸ்ரா இலக்கணி சீபவைஹியும் தன் நூலில், பல அரபிகள் ‘ஹுவ’வை எழுவாயாக்கியே பேசினார்கள் என்கிறார். கவிஞர் ருஉபா ‘அளுன்னு ஸைதன் ஹுவ கைருன் மின்க’ (ஸைது உன்னைவிட மேலானவர் என்று நினைக்கிறேன்) என்று ‘கைருன்’ சொல்வார் என்று தமக்கு எட்டிய செய்தியையும் தருகிறார். பிரிப்பான் வழியில் அது ‘கைரன்’ ஆகியிருக்கும்.

எழுதும்போது எதைப் பிடிப்பது? நான் ‘லீன’ பக்கம். திருத்துபவர் எவரும் அதில் கைவைக்க மாட்டார். ‘லூன’ எழுதினால் விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு எல்லையை மறக்கக்கூடாது. பிரிப்பான் வர, இருபுறமும் குறிப்பிட்ட பெயர்கள் இருக்க வேண்டும். ‘கைருன் மின்க’ போல ‘அல்’ ஏற்காத ஒப்பீட்டுச் சொல்லும் சரி. ‘கான ஸைதுன் ஹுவ தபீபன்’ என்பது பிழை, ஏனென்றால் ‘தபீப்’ பொதுப்பெயர். ஆங்கில வழியில் அரபி கற்றவர்கள் ‘இஸ்’ஸுக்குப் பதிலாக ‘ஹுவ’வைச் செருகி இந்தக் குழியில் விழுவார்கள். நமக்கு ‘ஸைது மருத்துவர்’ என்று இடையில் எதுவும் இல்லாமல் சொல்லிப் பழக்கம். அப்படியே ‘ஸைதுன் தபீபுன்’ என்று விட்டுவிடலாம்.

மீண்டும் 57:24க்கு வருவோம். அங்கே ‘கான’ இல்லை, ஆகவே இறுதி உயிர் தீர்ப்புச் சொல்லாது. இலக்கணி அபூ அலீ அல்-ஃபாரிஸீ வேறு வழியில் போனார். இன்னொரு ஓதலில் ‘ஹுவ’ இல்லாமலே வாக்கியம் நிற்கிறதே. எழுவாயை அப்படிச் சும்மா எடுத்துவிட முடியுமா? எனவே அது பிரிப்பானாகவே இருக்க வேண்டும் என்றார். பின்னால் வந்த இலக்கணி அபூ ஹய்யான் இதை ஏற்கவில்லை. இரண்டு ஓதல்களுக்கும் ஒரே இலக்கணக் கட்டமைப்பு இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது, ஒன்றை அளவுகோலாக்கி மற்றதை அளக்க முடியாது என்பது அவர் மறுப்பு. ‘ஹுவ’ உள்ள ஓதலில் அது எழுவாயாகவும் இருக்கலாம், இல்லாத ஓதல் தனியாக நிற்கலாம். எனக்கு ஃபாரிஸீயின் முடிவு சரியாகப்படுகிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தில் அபூ ஹய்யான் போட்ட ஓட்டையை அடைக்க முடியவில்லை.