கடினப்படுத்திய எஃகு என்று விற்கப்பட்ட பித்தளை நாசில்: கார்பன் ஃபைபர் அச்சிடுவோர் கவனத்துக்கு

கோவையில் சிறிய அளவில் 3டி பிரிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பம்ப் உதிரிபாகப் பட்டறை ஒன்றுக்காகத் துளையிடும் ஜிக் 20 அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். கார்பன் ஃபைபர் கலந்த நைலான்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த ஃபிலமென்ட் இழை, உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசில் பித்தளையில் இருந்தால் அதை அரித்துத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இணையக் கடை ஒன்றில் 0.4 மி.மீ. துளையுள்ள, 'கடினப்படுத்திய எஃகு' என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்த நாசிலை 480 ரூபாய்க்கு வாங்கினேன். அதே கடையில் சாதாரணப் பித்தளை நாசில் 60 ரூபாய்தான்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். "0.6 எடுக்கலாமா அண்ணா?" என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, நுணுக்கம் போய்விடும். 0.4-லேயே தாராளமாக ஓடும்" என்றார். அந்த ஆலோசனையும் தவறு என்பது பின்னால்தான் புரிந்தது.

முதல் இரண்டு ஜிக்குகளை அச்சிடும்போதே நாசில் மூன்று முறை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் சூடாக்கி, ஊசி விட்டு, இழுத்துச் சுத்தம் செய்தேன். பிறகு அடைப்பு தானாகவே நின்றுபோனது. வெப்பநிலையைச் சரியாகப் பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். உண்மையில் துளை அரிக்கப்பட்டு அகலமாகிக்கொண்டிருந்தது. அடைப்பு நின்றதற்கு அதுதான் காரணம்.

ஏறத்தாழ 400 கிராம் ஓடிய பிறகு வேறு தொல்லைகள் தொடங்கின. முதல் அடுக்கு தட்டில் ஒட்டவில்லை. நாசில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும்போது சிலந்தி நூல்போல் இழை தொங்கியது. மேற்பரப்பு சொரசொரப்பாக வந்தது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதன் மேல்தான் பழியைப் போட்டேன். ஃபிலமென்டை 80 டிகிரியில் பத்து மணி நேரம் உலர்த்தினேன், மாற்றமில்லை. ஃபிலமென்டைப் பின்னிழுக்கும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். தட்டின் மட்டத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். ஆறு நாள் இப்படியே போனது. பட்டறையில் ஜிக்குக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் பொய்யாகிப் போயின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துளை பெரிதானால் அச்சிடும்போது பிளாஸ்டிக் அதிகமாக வெளிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எவ்வளவு பிளாஸ்டிக் வெளியே வர வேண்டும் என்பதை ஃபிலமென்டைத் தள்ளும் பற்சக்கரம்தான் தீர்மானிக்கிறது. துளை விரிந்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது. பற்சக்கரம் தள்ளுவதை நிறுத்திய பிறகும் அகலமான துளை வழியே பிளாஸ்டிக் கசிகிறது. அதனால்தான் நூல் தொங்குகிறது. அரிப்பு துளையோடு நிற்பதும் இல்லை. நாசிலின் நுனியில் தட்டையாக ஒரு விளிம்பு இருக்கும். அதுதான் அடுக்கை இஸ்திரிபோல் அழுத்திச் சமன் செய்வது. அந்த விளிம்பு தேய்ந்ததும் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. நுனி தேயத் தேய நாசிலின் நீளமும் குறைகிறது. நாசிலுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. முதல் அடுக்கு ஒட்டாமல் போகிறது. கார்பன் கலந்த ஃபிலமென்டை அச்சிடும்போது இந்த மூன்று அடையாளங்களும் ஒருசேரத் தெரிந்தால், வேறு எதையும் தொடாமல் நாசிலைக் கழற்றிப் பாருங்கள்.

நான் ஏழாவது நாள்தான் கழற்றினேன். வெள்ளிபோல் மின்னிய நாசிலின் நுனியில் மஞ்சள் வளையம் ஒன்று தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரிண்டரோடு வந்த 0.4 மி.மீ. சுத்தம் செய்யும் ஊசி முன்பு இறுக்கமாக நுழையும். இப்போது உள்ளே ஆடியது. 0.5 மி.மீ. டிரில் பிட்டும் தடையில்லாமல் போனது. வெர்னியரில் அளந்தால் 13 மி.மீ. இருக்க வேண்டிய நீளம் 12.7-தான் இருந்தது. காந்தத்தை அருகே கொண்டுபோனேன், ஒட்டவில்லை. அறுகோணப் பக்கத்தில் அரத்தால் இரண்டு இழு இழுத்தேன். வெண்ணெய்போல் வெட்டுப்பட்டு உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. மேலே இருந்தது மெல்லிய நிக்கல் பூச்சு மட்டுமே.

கடைக்காரரை அழைத்தேன். முதலில் "சூடு அதிகமாக வைத்திருப்பீர்கள்" என்றார். அரத்தால் தேய்த்த இடத்தைப் படமெடுத்து அனுப்பியதும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார். அதன்பின் அழைப்பை எடுக்கவே இல்லை. 480 ரூபாய் போனதைவிட, வீணான ஃபிலமென்டும் ஒரு வார உழைப்பும்தான் எனக்கு வலிக்கிறது.

நாசிலைப் பிரிண்டரில் பொருத்தும் முன்பே சோதித்துவிடுங்கள். காந்தச் சோதனையில் நாசிலில் கீறல்கூட விழாது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு செய்தால் திருப்பிக் கொடுக்கவும் வழியிருக்கும். கடினப்படுத்திய எஃகு காந்தத்தில் பட்டென்று ஒட்டும். ஆனால் ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. கடினப்படுத்தாத எஃகும் ஒட்டும், துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளும் ஒட்டும். அங்கே அரம்தான் தீர்ப்புச் சொல்லும். கடினப்படுத்திய எஃகின் மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும். சாதாரண எஃகில் கடித்துப் பிடிக்கும். நுனியைத் தொடாமல் அறுகோணப் பக்கத்தில் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: செம்பு உடலில் கடின எஃகு நுனி பதித்த நல்ல நாசில்களும் உண்டு. அவற்றில் காந்தம் நுனியில்தான் ஒட்டும். அவற்றை விற்பவர்கள் அதை வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். வெறுமனே 'ஸ்டீல்' என்று எழுதியிருந்தால், எந்த ஸ்டீல் என்று கேளுங்கள். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு பித்தளையைவிடச் சற்று அதிக நாள் தாங்கும், அவ்வளவுதான்.

இப்போது வேறொரு கடையில் நேரில் போய், காந்தம் வைத்துப் பார்த்து 0.6 மி.மீ. நாசில் வாங்கியிருக்கிறேன். ஃபிலமென்டுக்குள் இருக்கும் கார்பன் துண்டுகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீளம் இருக்கும். 0.4 துளையை நோக்கிக் குறுகும் இடத்தில் அவை நான்கைந்து குறுக்கே சேர்ந்தால் பாலம்போல் அடைத்துக்கொள்ளும். 0.6 துளையின் பரப்பு 0.4-ஐப்போல் இரண்டேகால் மடங்கு. அடைப்பு இதுவரை ஒருமுறைகூட வரவில்லை. நுணுக்கம் போய்விடும் என்றாரே, ஜிக்கில் மிகச் சிறிய துளை 5 மி.மீ.; அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள கோடுகளில் எழுத்து பொறிக்க வேண்டியிருந்தால் 0.4 தேவைப்படலாம், அப்போதும் அதற்குக் கீழே போகாதீர்கள்.

எஃகுக்கு மாறும்போது அமைப்பையும் சற்று மாற்ற வேண்டும். பித்தளை அளவுக்கு எஃகு வெப்பத்தைக் கடத்தாது. பழைய 265 டிகிரியிலேயே ஓட்டியபோது அடுக்குகள் சரியாக ஒட்டாமல் கையால் பிளக்க வந்தன. 275-க்கு உயர்த்தி, வேகத்தைச் சிறிது குறைத்ததும் சரியானது. நாசிலை மாற்றியதும் தட்டுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியைப் புதிதாக அமைக்கவும் வேண்டும்.

20 ஜிக்கும் 11 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. புதிய நாசிலில் இதுவரை இரண்டு கிலோ ஓடியிருக்கிறது. நேற்றுக் கழற்றி அளந்தேன்: நீளம் குறையவில்லை, 0.6 ஊசி இன்னும் இறுக்கமாகத்தான் நுழைகிறது. அந்த இணையக் கடையில் அதே வெள்ளி நிற நாசில், அதே வாசகத்தோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கி இன்னும் பொருத்தாமல் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு அங்கே ஏழு நாள்தான்.