சுவரொட்டிப் படத்தைப் பார்த்து விளக்கம் சொல்லி இரண்டு வருஷம்

மஸ்கெலியாவில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோடு, போட்டோகொப்பி, ஆள் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, இவ்வளவுதான் தொழில். 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியதிலிருந்து கூலியில்லாத இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. தோட்டத்து ஆபீஸ் சுவரிலோ கிராம உத்தியோகத்தர் வாசலிலோ ஒட்டியிருக்கும் நோட்டீஸை யாராவது போனில் பிடிப்பார்கள். அது பத்து வட்ஸ்அப் குழுவைச் சுற்றி என்னிடம் வரும். "தம்பி, இது எங்களுக்குப் பொருந்துமா?" இத்தனை நாளில் இதில் எது பயன்பட்டது, எங்கே சறுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் சறுக்கல் படத்திலேயே இருந்தது. நம்மவர்கள் பெரிய எழுத்தையும் ரூபாய்த் தொகையையும் மட்டும் பிடித்து அனுப்புவார்கள். அடியிலிருக்கும் திகதி, வெளியிட்ட அலுவலகத்தின் பெயர், பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். அதனால் இப்போது நான் முழு நோட்டீஸுக்கு ஒரு படமும், மேல், நடு, அடி என்று கிட்டப் போய் மூன்று படமும் கேட்கிறேன். பிளாஷ் போடக் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டீஸில் வெளிச்சம் பட்டு நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்பினால் எழுத்து கலங்காது. இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்த பிறகு பாதித் தலைவலி போயிற்று.

ஒரு கதையோடு சொன்னால்தான் மற்றது விளங்கும். 2024 கடைசியில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கையிலிருந்த படத்தில் நான்கு தொகைகள் இருந்தன: 2,500, 5,000, 8,500, 15,000. "பதினஞ்சாயிரம்னு போட்டிருக்கே தம்பி, நமக்கு எட்டாயிரத்து ஐந்நூறுதானே வருது, மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதலாமா?" என்றார்.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அந்த நான்கு தொகைகளும் நாமாகப் பார்த்துத் தெரிவு செய்கிறவை அல்ல. நிலைமாறும் நிலையிலுள்ளோர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிக வறியோர் என்ற நான்கு வகுப்புக்கான தொகைகள் அவை. கல்வி, நோய், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப உறுப்பினர் விபரம் என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போட்டே ஒரு குடும்பத்தை ஏதோ ஒரு வகுப்பில் வைக்கிறார்கள். அதனால் தொகை குறைவு என்று மட்டும் எழுதிப் பிரயோசனமில்லை. பதிவிலிருக்கும் எந்த விபரம் பிழை என்று காட்ட முடிந்தால்தான் மேன்முறையீட்டுக்கு அர்த்தம் உண்டு. நானும் ஆரம்பத்தில் 'கஷ்டப்படுகிறோம், தயவுசெய்து கூட்டித் தாருங்கள்' என்று ஏழெட்டுப் பேருக்கு உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பலன் வரவில்லை.

தோட்டப்புறத்தில் பதிவு பிழைக்கிற இடம் பெரும்பாலும் தொழிலாளர் வரிசை வீடான லயம்தான். ஒரே காம்பராவில் மாமியார் அடுப்பு ஒன்று, மருமகள் அடுப்பு ஒன்று என்று இரண்டு குடும்பம் இருக்கும். லய இலக்கம் ஒன்று, மின்சார மீட்டரும் எப்போதோ செத்துப்போன தாத்தாவின் பெயரில் ஒன்று. பதிவில் ஒரே குடும்பமாக விழுந்தால் இரண்டு வீட்டு வருமானமும் கூடிப்போகும், மின்சாரப் பாவனையும் கூடிப்போகும். ஆகவே நான் முதலில் "உங்க வீட்டுல எத்தனை அடுப்பு?" என்றுதான் கேட்பேன். எத்தனை பேர் என்பது பிறகுதான். அந்த அக்கா வீட்டில் ஒரே அடுப்பு, விபரமும் சரி. 8,500 அவர்களுக்குச் சரியான வகுப்பாகவே எனக்குப் பட்டது.

ஆனால் அவர்கள் கேட்க வந்ததை விடக் கேட்காதது முக்கியமாகிவிட்டது. படத்தின் அடியில் சின்ன எழுத்தில் முதியோர் கொடுப்பனவு 2,000 என்று ஒரு வரி இருந்தது. அதற்கு 70 வயது வேண்டும். அம்மாவுக்கு எத்தனை வயது என்று கேட்டால், "அறுபத்தஞ்சு, எழுபது இருக்கும்" என்கிறார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். பழைய அட்டை, இலக்கம் 54612 என்று தொடங்கியது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 612இல் 500 போனால் 112. பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணினால் ஏப்ரல் 21. ஆக 1954 ஏப்ரல் 21, அதாவது 2024 ஏப்ரலில் 70 முடிந்துவிட்டது. 2023இல் பதிவு எடுத்தபோது அவருக்கு 69. யாரும் பிழை விடவில்லை, அந்த வரிக்குள் அவர் பிறகுதான் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். முதியோருக்கு 2,000 என்பது 2023இன் தொகை. 2024இல் அது 3,000 ஆகிவிட்டது. அப்படியென்றால் அக்கா கொண்டுவந்தது ஒரு வருஷத்துப் பழைய நோட்டீஸ். திகதி வெட்டுப்பட்ட படம் வந்தால் இப்போதும் தொகையை வைத்தே காலத்தைப் பிடிக்கிறேன். 8,500, 15,000 என்றிருந்தால் 2025க்கு முந்தியது. 2025 ஜனவரியிலிருந்து அவை 10,000, 17,500. முதியோர் தொகையும் 2025இல் 5,000 ஆயிற்று. தொகை பழையது என்பதால் திட்டமே முடிந்தது என்று எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி கட்டாயம் போயிருக்கும். தொகை குறைந்த இரண்டு வகுப்புக்கும் கால எல்லை போட்டுத்தான் கொடுத்தார்கள், பிறகு அதையும் நீடித்தார்கள். ஆகவே பழைய படத்தை நம்பிப் பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லி, முதலில் கிராம உத்தியோகத்தரிடம் அனுப்புவேன்.

ஆவணம் என்று பார்த்தால், அவர்களை அடையாள அட்டையின் மூலப் பிரதியும் போட்டோகொப்பியும், குடும்பத்தின் அஸ்வெசும பதிவு இலக்கமும், வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் 'அம்மாள்' என்றும் அட்டையில் 'அம்மா' என்றும் இருந்தது. அதையும் கையோடு வைத்திருக்கச் சொன்னேன். தோட்டங்களில் பெயர் இப்படி மாறாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அங்கே பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். சில மாதத்தில் பணம் சேர்ந்தது.

நான் விட்ட பெரிய பிழை ஒரு சிங்கள நோட்டீஸில். எனக்குப் பேச்சுச் சிங்களம் ஓடும், வாசிப்பு மெதுவாகத்தான். இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவே 'ஹோ' இருந்ததை நான் 'சஹ' என்று எடுத்துவிட்டேன். 'சஹ' என்றால் இரண்டும் இருக்க வேண்டும், 'ஹோ' என்றால் ஏதாவது ஒன்று போதும். தகுதியிருந்த ஒரு அண்ணனை "உங்களுக்கு இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். முடிவுத் திகதி போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் இன்னமும் கடைக்கு வருகிறார், ரீலோடு போடுகிறார், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது நிபந்தனைப் பகுதியை வாசிக்கும்போது அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பேன். சந்தேகம் என்றால் "இல்லை" என்று சொல்வதே கிடையாது, "போய்க் கேளுங்க" என்றுதான் சொல்வேன்.

லிங்க் ஒன்றை அழுத்தி வங்கி அட்டை இலக்கமும் போனுக்கு வரும் ஓடீபீயும் கொடுக்கச் சொல்லும் படங்களும் வருகின்றன. அவற்றுக்கு நான் விளக்கமே சொல்வதில்லை, அழிக்கச் சொல்லிவிடுவேன்.