லேஸில் பாசி: முன்கூட்டியே கோர்ப்பதா, ஒவ்வொன்றாக ஏற்றுவதா?

அக்கா மகளின் புதுநன்மைக்கு வெள்ளைப் பருத்தி நூலில் ஒரு முக்காடு பின்னினேன். இரண்டு ஊசி நிட்டிங் லேஸ், நடுநடுவே சின்ன கண்ணாடிப் பாசி. (நாகர்கோவிலில் லேஸ் என்றதும் பெரியவர்களுக்கு மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த மிஷன் காலத்து பாபின் லேஸ்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல.) பாசியை முதலிலேயே நூலில் கோர்த்துக்கொள்ளலாமா, அல்லது வேண்டிய கண்ணி வரும்போது மெல்லிய குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாக ஏற்றலாமா என்று யோசித்து, ஏற்றுவதையே எடுத்துக்கொண்டேன்.

வேகத்தில் கோர்ப்பதுதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. எண்ணிக்கை தவறினால் நூலை அறுக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு முடிவைத் தந்தது நூலின் தேய்மானம்.

முக்காட்டின் அகலம் 72 கண்ணி. 12 கண்ணிக்கு ஒரு பூ, பூவுக்கு இரண்டு பாசி, ஆக ஒரு பாசி வரிசைக்கு 12. எட்டு வரிசைக்கு ஒருமுறை பாசி வரும். 200 வரிசையில் 25 பாசி வரிசை, மொத்தம் 300 பாசி. 8/0 அளவுப் பாசியைக் கோர்த்தால் நூலில் ஏறத்தாழ 60 செ.மீ. நீளத்துக்கு நிற்கும். இப்போது பின்ன ஆரம்பியுங்கள். கையருகே நூல் தீரத் தீர, பாசிச் சரம் முழுவதையும் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதல் சில மீட்டர் நூலின் மேல் 300 பாசியும் உரசிப் போகும். பாதியில் வருகிற நூலில் 150தான் உரசும். கடைசி நூலில் விரல்விட்டு எண்ணலாம். ஆகவே தொடங்கிய ஓரம் பொங்கி, பளபளப்பு போய், கொஞ்சம் அழுக்கேறியும் இருக்கும். முடித்த ஓரம் புதுசாக இருக்கும். முக்காட்டில் தொடங்கும் ஓரம்தான் நெற்றிக்கு மேல் வந்து உட்காரும், போட்டோவில் விழும்.

அறுபது அறுபதாகக் கோர்க்கலாமே என்பீர்கள். உரசல் குறையும், உண்மைதான். ஆனால் ஐந்து பாசி வரிசைக்கு ஒருமுறை நூலை வெட்ட வேண்டும். கூடுதலாக நான்கு இணைப்பு, எட்டு நுனி. ஓட்டை ஓட்டையாக இருக்கும் லேஸில் அந்த நுனிகளை எங்கே ஒளிப்பது?

ஏற்றும் முறையில் பாசி தன் கண்ணியைத் தவிர வேறு நூலைத் தொடுவதே இல்லை. 0.75 மி.மீ. குரோஷா ஊசியில் பாசியைக் கோர்த்து, இடது ஊசியில் இருக்கும் கண்ணியைக் கொக்கியில் மாட்டி எடுத்து, பாசியைக் கண்ணியின் மேல் தள்ளி, கண்ணியைத் திரும்ப ஊசியில் போட்டுப் பின்ன வேண்டும். பாசி கண்ணியின் இரண்டு காலையும் கவ்வி நிமிர்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் தெரியும். கோர்த்த பாசி ஒற்றை நூலில் தொங்குவதால் பின்பக்கம் நழுவப் பார்க்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. பாசி ஓட்டைக்குள் நூல் இரட்டையாக நுழைய வேண்டும்; பருத்தி, கம்பளி மாதிரி இழுத்தால் நீளாது. அதனால் பாசி வரும் வரிசைக்கு முந்தைய வரிசையைக் கொஞ்சம் தளர்வாகப் பின்னினேன். வடசேரி பக்கம் பேன்சி கடைக்குப் போகும்போது ஒரு துண்டு நூலையும் குரோஷா ஊசியையும் கொண்டுபோய், மடித்த நூல் நுழைகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். சாதாரண பாக்கெட் பாசியில் ஓட்டை ஒன்றுபோல இருக்காது. ஏற்றும்போது சின்ன ஓட்டைப் பாசியைத் தூக்கிப் போட்டுவிடலாம், எண்ணிக்கை கெடாது.

இன்னொன்று: இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னும் இடத்தில் பாசி வந்தால், முதலிலேயே ஏற்றப் பார்க்காதீர்கள். நான்கு இழை 8/0 பாசிக்குள் போகாது. சேர்த்துப் பின்னி முடித்த பிறகு, வலது ஊசியில் வந்த அந்த ஒற்றைக் கண்ணியை எடுத்து அதில் பாசி ஏற்றித் திரும்ப அங்கேயே மாட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஏற்றுவதே சரி என்று சொல்லமாட்டேன். கண்ணிக்குக் கண்ணி பாசி வைக்கும் சின்ன பர்ஸ், கைப்பட்டை போன்றவற்றுக்குக் கோர்ப்பதுதான் வழி. ஒவ்வொன்றாக ஏற்றினால் பொழுது விடிந்துவிடும். கம்பளி நூலில் நான் அதிகம் பின்னியதில்லை, நம்ம ஊர் புழுக்கத்துக்கு அதை யார் போடுவது? அப்புறம், மார்த்தாண்டம் பஸ்ஸில் பின்னுகிறவர்கள் பாசியை முன்கூட்டியே கோர்த்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். வீட்டில் என்றால் பாசியைத் தட்டில் கொட்டாமல் ஒரு பழைய டர்க்கி டவல் துண்டின் மேல் பரப்புங்கள், உருளாது. கொக்கியால் குத்தியெடுக்கவும் வசதி.