விலை இறங்கும் என்று கணித்தால்: ஃபியூச்சர்ஸில் விற்பதா, புட் வாங்குவதா?

விலை இறங்கப் போகிறது என்று தோன்றினால், அதை வைத்து லாபம் பார்க்க நம் சந்தையில் சிறு முதலீட்டாளருக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. ரொக்கச் சந்தையில் கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்று, அன்றே வாங்கிக் கணக்கை முடிக்கலாம். பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தில் விற்று, அது முடியும் நாளான எக்ஸ்பைரி வரை வைத்திருக்கலாம். அல்லது குறித்த விலையில் விற்கும் உரிமையைத் தரும் புட் ஆப்ஷன் வாங்கலாம். நான் புட் பக்கம் போய்விட்டவன். அதனால் இந்த அலசல் சமமான தராசாக இருக்காது.

தரகுக் கட்டணம், வரி போன்றவற்றில் முடிவை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. லாபத்தை மட்டும் பார்த்தால் ஃபியூச்சர்ஸ்தான் மேல். விலை 20 ரூபாய் இறங்கினால் ஏறக்குறைய 20 ரூபாய் கிடைக்கும். முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: கணிப்பு தவறினால் நஷ்டம் எங்கே போய் நிற்கும், அதை நிறுத்துவது யார் கையில் இருக்கிறது?

100 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கியவருக்குப் போகக்கூடியது அந்த 100 ரூபாய்தான். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கையில் இல்லாததை 100 ரூபாய்க்கு விற்றவருக்கு, அதாவது ஷார்ட் செய்தவருக்கு, நிலைமை தலைகீழ். அதிகபட்ச லாபம் 100 ரூபாய், நஷ்டத்துக்கோ மேல்வரம்பு கிடையாது. கடனாக வாங்கிய நெல்லை நெல்லாகவே திருப்பித் தர வேண்டியவரின் நிலைதான் இது. அறுவடை பொய்த்து விலை மூன்று மடங்கானாலும் அதே மூட்டையைத்தான் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். பங்கு 300 ரூபாயானால் நஷ்டம் 200 ரூபாய்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. வாங்கிய பங்கு விழும்போது, நம் பணத்தில் ஆபத்தில் இருக்கும் பகுதியும் சேர்ந்து சுருங்குகிறது. 100 ரூபாய் பங்கு 50 ஆகிவிட்டால், அடுத்த 10 சதவீத வீழ்ச்சி ஐந்து ரூபாயைத்தான் தின்னும். ஷார்ட்டில் எதிர்த்திசையில் நகர நகர ஆபத்து பெருகுகிறது. 100 ரூபாயில் விற்றது 200 ஆகிவிட்டால், அடுத்த 10 சதவீத ஏற்றம் 20 ரூபாயைக் கேட்கும். கையிருப்பு குறைந்துகொண்டே வரும் நேரத்தில் பந்தயத்தின் அளவு வளர்ந்துகொண்டே போகிறது.

"ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் போயிற்று" என்பார்கள், அதாவது குறித்த விலை வந்ததும் தானாகவே வாங்கி மூடும் ஆர்டர். வர்த்தகம் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் வரை அது சரி. 2009 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே 15, வெள்ளிக்கிழமை நிஃப்டி 3,671.65-இல் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. தொங்கு நாடாளுமன்றம் வரலாம் என்று பேசப்பட்டுக்கொண்டிருந்த நிலையில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி தெளிவான வெற்றி பெற்றது. திங்கட்கிழமை சந்தை திறந்ததுமே ஏற்றத்துக்கான வரம்பாகிய அப்பர் சர்க்யூட்டைத் தொட்டு வர்த்தகம் நின்றது. இடைவேளைக்குப் பிறகு மீண்டும் திறந்தபோது, உடனே அடுத்த வரம்பையும் தொட்டு அன்றைய வணிகமே முடிந்துபோனது. நிஃப்டி 4,323.15, அதாவது ஒரே நாளில் 651 புள்ளிக்கு மேல் ஏற்றம்.

ஃபியூச்சர்ஸ் வணிகத்தின் குறைந்தபட்ச அளவான ஒரு லாட், நிஃப்டியில் அப்போது 50. வெள்ளியன்று ஒரு லாட் ஃபியூச்சர்ஸ் விற்றவர், கணக்குக்காக, மதிப்பில் 15 சதவீதத்தை மார்ஜின் என்ற முன்பணமாகக் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,83,600 ரூபாய் மதிப்புக்கு ஏறக்குறைய 27,500 ரூபாய். ஃபியூச்சர்ஸும் குறியீட்டுடன் சேர்ந்தே நகர்ந்தது என்று கொண்டால், திங்களன்று அவருடைய நஷ்டம் சுமார் 32,600 ரூபாய். போட்ட பணம் முழுவதும் போய், தரகருக்கு மேலும் 5,000 ரூபாய்க்கு மேல் தர வேண்டியிருக்கும். 3,700-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் பயனில்லை. அந்த விலையில் விற்பவர் யாருமே இல்லை. விலை 3,700 வழியாக ஏறவில்லை, தாண்டிக் குதித்துவிட்டது. அதே வெள்ளியன்று ஒரு புட்டை 150 ரூபாய் பிரீமியத்தில் வாங்கியவர் என்று ஒருவரைக் கற்பனை செய்தால், அவருக்குப் போவது 7,500 ரூபாய். அதற்கு மேல் ஒரு காசும் யாரும் கேட்க முடியாது.

குறியீடு ஒரு நாளில் இவ்வளவு போனால், தனிப் பங்கு எவ்வளவு போகும் என்பதற்கு 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் சாட்சி. நிறுவனத்தின் 42.6 சதவீதப் பங்குகள் தன்னிடம் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன்கள் வைத்திருப்பதாகவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ஷே அறிவித்தது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் இன்னொரு 20 சதவீதம் இருந்தது. ஆகச் சந்தையில் உண்மையில் கிடைக்கக்கூடிய பங்குகள் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. ஷார்ட் செய்யப்பட்டிருந்ததோ அதைப்போல இரு மடங்குக்கு மேல். விற்றவர்கள் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். ஒவ்வொருவரும் தப்பிக்க வாங்கியதே அடுத்தவருக்கு விலையை ஏற்றியது. 210 யூரோ அளவில் இருந்த பங்கு, இரண்டே வர்த்தக நாட்களில் 1,000 யூரோவைத் தாண்டியது. பத்துப் பங்கை 2,100 யூரோவுக்கு விற்றவர், உச்சத்தில் வாங்கி மூட வேண்டி வந்திருந்தால் நஷ்டம் 7,900 யூரோ. இத்தனைக்கும் அந்த விலை நியாயமற்றது என்ற அவர்களுடைய கணிப்பு தவறவில்லை. விலை பிறகு இறங்கத்தான் செய்தது. அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டுமே.

ரொக்கச் சந்தையில் அன்றன்றைக்கே முடிக்கும் ஷார்ட்டிலும் இந்தக் கண்ணி உண்டு. விற்ற பங்கு அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் மாலைக்குள் வாங்க முடியாது. கொடுக்க வேண்டிய பங்கை எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கும். அங்கே என்ன விலையோ அதை விற்றவர்தான் ஏற்க வேண்டும். ஏலத்திலும் கிடைக்காவிட்டால் அபராதம் போன்ற ஒரு உயர்ந்த விலையில் கணக்கு முடிக்கப்படும். பங்குகளை முறையாகக் கடன் வாங்கி விற்கும் திட்டம் 2008 முதல் இருக்கிறது. நான் அதில் இறங்கியதில்லை என்பதால் மேலே சொல்லப் போவதில்லை.

புட்டுக்கும் விலை கொடுக்கத்தான் வேண்டும், அது சிறியதும் அல்ல. 1,000 ரூபாய் பங்குக்கு, 1,000 ரூபாயில் விற்கும் உரிமை தரும் 1,000 ஸ்ட்ரைக் புட்டை 30 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். எக்ஸ்பைரி அன்று பங்கு 980. கணிப்பு சரி, ஆனாலும் கையில் 20 ரூபாய், நஷ்டம் 10 ரூபாய். ஃபியூச்சர்ஸ் விற்றவர் இதே நகர்வில் 20 ரூபாய் சம்பாதித்திருப்பார். தேர்தல், காலாண்டு முடிவு போன்றவற்றுக்கு முன்னால் பிரீமியம் ஊதிப்போய் இருக்கும். அப்போது வாங்கினால், செய்தி வந்த மறுநாளே காற்று இறங்கிவிடும். மெதுவாகத் தேயும் பங்குக்குப் புட் மோசமான கருவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று: புட் விலை அதிகம் என்று, குறித்த விலையில் வாங்கும் உரிமையைத் தரும் கால் ஆப்ஷனை விற்கப் போகிறவர்கள், ஷார்ட்டின் அதே வரம்பில்லாத நஷ்டத்துக்குள்தான் மறுவாசல் வழியாக நுழைகிறார்கள்.

கையில் ஏற்கெனவே அந்தப் பங்கு இருந்து, அதைப் பாதுகாக்க ஃபியூச்சர்ஸை விற்பவருக்கு என் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. ஒரு பக்க நஷ்டத்தை மறுபக்க லாபம் ஈடு செய்துவிடும். அங்கும் ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றாடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும், பங்கின் லாபமோ காகிதத்தில்தான் இருக்கும்.

புட்டில் போட்டதற்கு மேல் போகாது என்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. தனிப் பங்கு ஆப்ஷன்கள் இப்போது நம்மிடம் பணமாக முடிவதில்லை, பங்காகவே கைமாறுகின்றன. லாபத்தில் இருக்கும் புட்டை எக்ஸ்பைரி முடியும் வரை வைத்திருந்தால், ஸ்ட்ரைக் விலையில் பங்கை நீங்கள் கொடுத்தாக வேண்டும். கையில் பங்கு இல்லையென்றால் அதே ஏலத்தில் போய் நிற்பீர்கள். கடைசி சில நாட்களில் தரகர் கூடுதல் மார்ஜின் கேட்பதும் இதனால்தான். ஆகவே தனிப் பங்குப் புட்டை எக்ஸ்பைரி வாரம் பிறக்கும் முன்பே விற்று வெளியேறிவிடுகிறேன். நிஃப்டி புட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அது பணமாகவே முடிகிறது.