ஒன்றை பை, ஒன்றை செல் போட்டால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

வெள்ளி இரவு ஃபொரெக்ஸ் எனும் நாணய வர்த்தகத்தில் 1000 டொலர் போய்விட்டது. கிட்டத்தட்ட மூன்று இலட்சம் ரூபாய். படுவான்கரையில் சிறுபோக நெல் விற்ற காசு. இன்னும் கை நடுங்குகிறது, ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு மாடி அறையில் ஃபொரெக்ஸ் வகுப்பு நடத்துகிறவரிடம் 25,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். என் கணக்கில் 1200 டொலர் இருந்தது. வெள்ளி பின்னேரம் அவர் என் போனைத் தன் கையில் வாங்கி, யூரோ-டொலர் ஜோடியான EUR/USD அரை லொட் அளவுக்கு பை, டொலர்-சுவிஸ் ஃபிராங்க் ஜோடியான USD/CHF அரை லொட் அளவுக்கு செல் என்று போட்டுக் காட்டினார். "தம்பி, ஒண்டு வாங்குறம், ஒண்டு விக்கிறம். ஒண்டு விழுந்தா மத்தது தூக்கும். நட்டம் கூடினா தானா மூடுற ஸ்டொப் லொஸ் தேவையே இல்ல" என்றார். என் தோளைத் தட்டித் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். அந்த இடத்தில்தான் நம்பினேன்.

ஆறு மணிக்கு அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு வந்தது. டொலர் ஒரேயடியாக ஏறியது. விலை அசைவை பிப் என்ற சின்ன அலகில்தான் அளப்பார்கள்; EUR/USD 90 பிப் இறங்கியது. அரை லொட்டுக்கு ஒரு பிப் 5 டொலர், ஆகவே 450 போனது. USD/CHF 88 பிப் ஏறியது. அங்கே பிப் பெறுமதி சுவிஸ் ஃபிராங்கில் வருவதால் ஒரு பிப் ஏறக்குறைய ஆறேகால் டொலர், ஆகவே 550. மொத்தம் 1000. இரண்டு வரியும் சிவப்பு. ஒன்றுகூட மற்றதைத் தூக்கவில்லை.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. முதல் ஜோடியில் டொலர் வலப்பக்கம் நிற்கிறது, அதை பை போட்டால் டொலரை விற்கிறோம். இரண்டாவதில் டொலர் இடப்பக்கம், அதை செல் போட்டாலும் டொலரைத்தான் விற்கிறோம். சார்ட் எதிரெதிராக ஓடுவதால் சமநிலை போலத் தெரிகிறது. உண்மையில் டொலர் விழும் என்று ஒரே பந்தயத்தை இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். EUR/USD, GBP/USD இரண்டையும் பை போட்டாலும் இதே கதைதான்.

அன்றிரவு எட்டுத் தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. சனி காலை, "மார்க்கெட் அப்படித்தான் தம்பி, மனசைத் திடப்படுத்துங்க" என்று ஒரு வொய்ஸ். நேரில் போனேன், சேர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று அங்கிருந்த பையன் சொன்னான். வகுப்புக் குழுவில் கேட்டேன், பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். ஓடரெல்லாம் என் போனிலிருந்து போனதால் நானே போட்டதாகத்தான் கணக்கில் நிற்கிறது.

சரி, அவசரமாக இரண்டு விஷயம். இரண்டு ஜோடி போடுமுன், ஒவ்வொன்றிலும் டொலரை வாங்குகிறீர்களா விற்கிறீர்களா என்று ஒரு துண்டில் எழுதுங்கள். இரண்டும் ஒரே பக்கமென்றால் ஒன்றை விடுங்கள், இல்லையேல் லொட்டைப் பாதியாக்கி, இரண்டின் ஸ்டொப்பும் சேர்ந்து அடித்தால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். அப்புறம், போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். 1000 டொலர். மூன்று இலட்சம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.